கேலி செய்யப்படும் பிள்ளைக்காக எழுந்து நிற்கும் கதை: டீச்சர் வந்து தீர்த்துவைக்காமல் எப்படி முடிப்பது?

தலவாக்கலை டீச்சர் | செப்டெம்பர் 4, மாலை

தரம் 4, 5 பிள்ளைகளுக்காக ஒரு கதை எழுதுகிறேன். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டும். லோகினி என்று ஒரு பிள்ளை, தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்து வருகிறவள். மழைக்காலத்தில் அவளுடைய சீருடையில் அடுப்புப் புகை வாடை. சஞ்சீவன் என்ற பையன் அவளுக்கு "புகைவண்டி" என்று பெயர் வைத்து, அவள் உள்ளே வரும்போதெல்லாம் ரயில் மாதிரிக் கூவுகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். வனிதா எழுந்து, "இப்படிக் கேலி செய்வது தவறு, நாம் எல்லோரும் சமம்" என்கிறாள். அந்த நேரம் டீச்சர் வந்து கண்டிக்கிறார். சஞ்சீவன் மன்னிப்புக் கேட்கிறான். கடைசியில் லோகினிக்குச் சித்திரப் போட்டியில் முதலாம் இடம், எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

என் வகுப்பில் நாலு பேரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். ஒருத்தி, "அப்படி யாரும் பேச மாட்டாங்க டீச்சர்" என்றாள். இன்னொருவன், டீச்சரிடம் சொன்னால் அடுத்த நாள் இன்னும் கூடத்தான் செய்வார்கள் என்றான். எங்கே சறுக்குகிறது என்று யாராவது சொல்லுங்கள்.

ஹட்டன் கதைக்காரி | செப்டெம்பர் 4, இரவு

அந்த இரண்டு பிள்ளைகளும் சரியான இடத்தில்தான் கைவைத்திருக்கிறார்கள்.

வனிதா பேசுவது ஒரு பத்து வயதுப் பிள்ளையின் பேச்சு இல்லை. காலைக் கூட்டத்தில் அதிபர் பேசுகிற பேச்சு. அதை மாற்றி எழுதுவது சுலபம், ஆனால் குறை அதற்கும் முன்னாலேயே இருக்கிறது. கேலி ஒரு மாதமாக நடக்கிறது என்றால், அந்த ஒரு மாதமும் வனிதா எங்கே இருந்தாள்? அதே வகுப்பில்தானே? ஒன்று சிரித்திருப்பாள், இல்லையென்றால் கொப்பியைப் பார்த்துக்கொண்டு குனிந்திருப்பாள். உங்கள் கதை அவள் நல்லவளாகிவிட்ட நாளில் தொடங்குகிறது. கேட்கிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் நேற்று யாரையோ பார்த்துச் சிரித்தவர்கள். அவர்களுக்கு இந்த வனிதாவிடம் ஒட்ட இடமில்லை.

சிரித்த வனிதாவிலிருந்து தொடங்குங்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன், நித்திரை வருகிறது.

ஹட்டன் கதைக்காரி | செப்டெம்பர் 5, காலை

முதலில் அந்தப் பட்டப்பெயரை எடுத்துவிடுங்கள். காரணம் எளிது. அது நன்றாக இருக்கிறது. மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு ரயில் பிடிக்கும், கூவிக் காட்டச் சொன்னால் எல்லாரும் கூவுவார்கள். இப்படி வாயில் ஒட்டுகிற பெயர் வைத்த ஒரு கதையை நான் முன்பு ஒரு வகுப்பில் வாசித்திருக்கிறேன். இடைவேளை மணி அடிப்பதற்குள் அந்தப் பெயர் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது. அதுவரை பட்டப்பெயரே இல்லாத பிள்ளை அது. கதை என்ன சொன்னது என்பது போய்விட்டது, பெயர் மட்டும் அந்த வருடம் முழுக்க நின்றது.

கேலியைக் கதையில் காட்டத்தான் வேண்டும், இல்லையென்றால் லோகினிக்கு வலிப்பது தெரியாது. ஆனால் மற்றப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லிப் பார்க்க ஆசைப்படாத கேலியாக இருக்க வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாங்கின் மறுமுனைக்கு நகர்ந்து உட்காருவது போதும். அதில் பாட்டு இல்லை, சொல் இல்லை, சிரிப்பும் குறைவு. அந்தப் பிள்ளை தனியாக விடப்படுவது மட்டும் தெரியும்.

பதுளைக்காரன் | செப்டெம்பர் 5

இரண்டு விஷயம். மழைக்காலம் என்று பொதுவாகப் போட முடியாது. எங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் காற்றுத்தான், துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஒக்டோபருக்குப் பிறகுதான் மழை. மலைநாடு என்றால் எல்லாரும் ஹட்டனை மட்டும் நினைக்கிறீர்கள்.

இரண்டாவது, இந்தக் கேலிக்கு வேர் வரலாற்றில் இருக்கிறது. 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். லயத்துக் காம்பராவுக்குள் முடக்கினார்கள். அந்த இழிவுதான் இன்றைக்குப் பிள்ளைகள் வாயில் வருகிறது. அதைச் சொல்லாமல் புகை வாடையைப் பற்றி எழுதி என்ன பயன்? கதையில் ஒரு தாத்தாவைக் கொண்டுவந்து இதைச் சொல்ல வையுங்கள்.

ஹட்டன் கதைக்காரி | செப்டெம்பர் 5, இரவு

மழை பற்றிப் பதுளைக்காரன் சொல்வது சரி. தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்தைத்தான் போட்டு அடிக்கும். ஊவாப் பக்கம் அப்போது காய்ந்து கிடக்கும். டீச்சர் தலவாக்கலைக்காரர் என்பதால் கதையில் ஜூன் மாதம் என்று போடலாம். பதுளையில் வாசிக்கிறவர்கள் நவம்பர் என்று மாற்றிக்கொள்ளட்டும்.

தாத்தா விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. 1948 உண்மை, லயத்துக்கு அது செய்ததும் உண்மை, பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கதையில் சஞ்சீவனும் அதே தோட்டம். மேல்கணக்குப் பையன் கீழ்க்கணக்குப் பிள்ளையைப் பார்த்து மூக்கைப் பிடிக்கிறான். அவன் வீட்டுக்கும் அதே கூரைத் தகரம்தான். அவனுக்கு ஏன் அவளை விட ஒரு படி மேலே நிற்க வேண்டும் போல இருக்கிறது என்பதற்குத் தாத்தாவின் பிரசங்கத்தில் பதில் கிடைக்காது. தாத்தா பேசத் தொடங்கினால் பிள்ளைகள் சன்னலைப் பார்ப்பார்கள்.

நோர்வூட் அம்மா | செப்டெம்பர் 6

என் மகளுக்கும் இதே பிரச்சினை. தரம் 4. வெள்ளைச் சட்டை, இரண்டே இரண்டுதான். மழை பிடித்தால் அடுப்புக்கு மேலேதான் காய வைக்கிறேன். போன மாதம் பாடசாலைக்குப் போக மாட்டேன் என்று அழுதாள், காரணம் சொல்லவில்லை. இதை வாசித்த பிறகுதான் எனக்கு விளங்குகிறது. வாடை போக என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

தலவாக்கலை டீச்சர் | செப்டெம்பர் 6

அக்கா, பிழிந்த சட்டையைக் காய்ந்த துவாயில் வைத்துச் சுருட்டி நன்றாக முறுக்குங்கள். பாதி ஈரத்தைத் துவாய் இழுத்துவிடும். அப்புறம் அடுப்படியில் போடாமல் இஸ்தோப்பில், சாரல் படாத பக்கமாகக் காற்றில் இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். காலையில் மிஞ்சின ஈரத்தை ஸ்திரிக்கைப் பெட்டி வாங்கிவிடும். ஈரத் துணிதான் புகையை அதிகம் பிடிக்கும். எங்கள் அம்மா இப்படித்தான் செய்வார்.

இதையே கதையில் வைத்தால் என்ன? வனிதாவின் அம்மா லோகினியின் அம்மாவுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறார், வாடை போய்விடுகிறது. பயனுள்ள முடிவாக இருக்குமே?

ஹட்டன் கதைக்காரி | செப்டெம்பர் 6, இரவு

நோர்வூட் அம்மாவுக்கு முதலில். துணி ஒரு பக்கம் இருக்கட்டும். மகள் பாடசாலைக்குப் போக மறுத்தது எந்தக் கிழமையில், இடைவேளையில் யாரோடு சாப்பிடுகிறாள் என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள். "உன்னை யார் கேலி செய்கிறார்கள்" என்று நேராகக் கேட்டால் இந்த வயதில் வாய் திறக்க மாட்டார்கள். வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள், ஆனால் மகளுக்குத் தெரிந்தே போங்கள். அவளுக்குத் தெரியாமல் நீங்கள் போனது வகுப்பில் தெரிந்தால், அவள்தான் கோள் சொன்னாள் என்று ஆகிவிடும்.

டீச்சர், அந்த முடிவு வேண்டாம். சட்டையைக் காயவைக்கிற வழி நல்ல வழி, வீட்டுக்குத் தேவை. கதையில் அதுவே தீர்வாக வந்தால், பிழை லோகினியின் சட்டையில் இருந்தது என்றாகிவிடும். வாடை போனது, கேலி போனது. அப்படியென்றால் வாடை போகாத பிள்ளை கேலிக்கு உரியவளா?

சித்திரப் போட்டியும் இதே காரணத்தால் வேண்டாம். முதலாம் இடம் எடுத்ததால்தான் கைதட்டினார்கள். சித்திரம் வராத, கணக்கு வராத, புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே வருகிற பிள்ளைகள்தான் வகுப்பில் அதிகம். அவர்கள் இந்தக் கதையில் இருந்து எடுத்துக்கொள்வது, ஏதாவது ஒன்றில் ஜெயித்தால்தான் என்னை விடுவார்கள் என்பதைத்தான். லோகினி சும்மா இருக்கட்டும். சாதாரணப் பிள்ளையாக இருக்கட்டும்.

ஆலோசனை ஆசிரியர் | செப்டெம்பர் 7

நான் பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனை பார்க்கிறவன். கதைக்காரி சிரித்தவர்களைப் பற்றிச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்.

பின்லாந்தில் 1996இல் வந்த ஓர் ஆய்வு இந்த விஷயத்தைப் பார்க்கிற விதத்தையே மாற்றியது. அதுவரை பெரும்பாலும் கேலி செய்கிறவன், படுகிறவன் என்று இரண்டு பேரைத்தான் பார்த்தார்கள். அந்த ஆய்வு வகுப்பு முழுவதையும் பார்த்தது. சேர்ந்து செய்கிறவர்கள், சிரித்து உற்சாகம் கொடுக்கிறவர்கள், விலகி நிற்கிறவர்கள், பக்கத்தில் போய் நிற்கிறவர்கள் என்று எல்லாருக்கும் அதில் ஒரு வேடம் இருந்தது. நம் வகுப்பில் பார்த்தாலும் அப்படித்தான். சிரிப்பு இல்லையென்றால் செய்கிறவனுக்கு வேலையில்லை.

அப்புறம் கனடாவில், டொரொண்டோ பாடசாலை மைதானங்களில் பிள்ளைகளைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். 2001இல் வெளிவந்தது. வேறு பிள்ளைகள் குறுக்கிட்ட நேரங்களில் பாதிக்கு மேல், 10 விநாடிக்குள் கேலி நின்றுபோனது. ஆனால் குறுக்கிட்டது ஐந்தில் ஒரு தடவை கூட இல்லை. பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தான் அதிகம்.

என்னைக் கேட்டால் கதையின் நடு அந்த 10 விநாடிதான். ஒன்று மட்டும் கவனம். சஞ்சீவனைத் தள்ளுவது, திருப்பிக் கேலி செய்வது போல எழுதிவிடாதீர்கள். பிள்ளைகள் அதை அப்படியே செய்து பார்ப்பார்கள்.

ஹட்டன் கதைக்காரி | செப்டெம்பர் 8, ஞாயிறு

ஆலோசனை ஆசிரியர் சொன்ன 10 விநாடி நேற்று முழுக்க மண்டைக்குள் ஓடியது. டீச்சரின் கதையை எடுத்து அந்த இடத்தை மட்டும் எழுதிப் பார்த்தேன். டீச்சர் இதை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம்.

முதலில் வனிதாவின் பயம். அவள் ஏன் சிரித்தாள்? அவள் வீடும் அதே லயம், லோகினியின் வீட்டுக்கு மூன்று காம்பரா தள்ளி. அவள் சட்டையும் அடுப்புக்கு மேலேதான் காய்கிறது. சிரிக்காவிட்டால் அடுத்தது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். இது இருந்தால் கதை தானாக நடக்கும்.

"ஜூன் மாதம் பிறந்ததில் இருந்து வெயிலே இல்லை. லயத்தில் எல்லார் வீட்டிலும் துணி அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில்தான் காய்ந்தது. மிலாறு ஈரம். ஊதினால் நெருப்பு வரவில்லை, புகைதான் வந்தது.

லோகினி வகுப்புக்குள் வந்தாள். சஞ்சீவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாங்கின் மறுமுனைக்கு நகர்ந்தான். இரண்டு பேர் சிரித்தார்கள். வனிதாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் சட்டைக் கையை மெல்ல மோந்து பார்த்தாள்."

இந்தக் கடைசி வரி வந்துவிட்டால் வனிதாவுக்குப் பயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தரம் 4 பிள்ளைக்கே விளங்கும்.

அடுத்து அவள் ஏன் மாறினாள்? "மனம் வருந்தினாள்" என்று எழுதினால் போதாது. ஒன்றைப் பார்க்க வேண்டும்.

"சாயந்தரம் வனிதா வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். லோகினி அங்கே மழையில் நின்று சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அது துவைத்த சட்டைதான். மறுபடியும் சவர்க்காரம் போட்டாள். கை நடுங்கியது.

'இன்னும் வாட அடிக்குதா?' என்று லோகினி சட்டையை நீட்டினாள்.

வனிதா பதில் சொல்லவில்லை. வாளியை நிரப்பாமலே வீட்டுக்கு ஓடிவிட்டாள்."

இப்போது அந்த 10 விநாடி.

"மறுநாள் சஞ்சீவன் மூக்கைப் பிடித்தான். பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். வனிதா சிரிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போய் லோகினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

'அங்க ஏன் போற? வாட அடிக்கும்.'

'என் சட்டையிலயும் அதே வாடதான். எங்க வீட்டுலயும் அடுப்புக்கு மேலதான் காயுது.'

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்குக் காது சுட்டது. பின்னால் யாரோ ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை."

பின்னால் ஒருவர் சிரிக்கிறாரே, அவரை வெட்டாதீர்கள். எல்லாரும் ஒரே அடியில் திருந்திவிட்டால், இதைக் கேட்டுவிட்டு நாளைக்கு வகுப்பில் செய்து பார்க்கிற பிள்ளை ஏமாந்துபோகும். அவள் எழுந்து போய் உட்காருவாள், யாராவது ஒருவர் சிரிப்பார், கதையில் வந்தது எனக்கு வரவில்லை என்று நினைப்பாள். ஒருவர் சிரிப்பார் என்பதும் கதையிலேயே இருக்கட்டும்.

வசனம் எல்லாம் தோட்டத்துப் பேச்சு, மற்றது எழுத்துத் தமிழ். "முகர்ந்து பார்" என்று வனிதாவைப் பேச வைத்தால் அவள் மறுபடியும் அதிபராகிவிடுவாள்.

பண்டாரவளைத் தம்பி | செப்டெம்பர் 9

நான் ஆசிரியர் இல்லை, கொழும்பில் கடையில் வேலை. தரம் 6க்கு டவுன் பாடசாலைக்குப் போனேன். முதல் நாளே "தோட்டக்காட்டான்" என்று ஒருவன் சொன்னான். பெயர் கூப்பிடும்போது சிலர் அதையே மெல்லச் சொல்லுவார்கள். எனக்காக யாரும் எழும்பவில்லை. பக்கத்து வாங்கில் இருந்த ஒருவன் மட்டும் இடைவேளையில் அவன் ரொட்டியில் பாதியைத் தருவான், ஒன்றும் பேச மாட்டான். இப்போதும் அவனோடு போனில் பேசுகிறேன். புகை எல்லாம் சின்ன விஷயம். அந்தச் சொல்லைப் பற்றி எழுதுங்கள்.

ஹட்டன் கதைக்காரி | செப்டெம்பர் 9, இரவு

தம்பி, நீங்கள் சொன்னது மனதில் நிற்கிறது. அது எழுதப்பட வேண்டிய கதைதான். ஆனால் இதற்குள் அதை நுழைக்க முடியாது. அங்கே கேலி செய்கிறவர்களின் வீட்டுப் பெரியவர்களும் அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள், சில இடங்களில் ஆசிரியர் வாயிலும் வந்துவிடுகிறது. அந்தப் பக்கத்தில் எழுந்து நிற்கிற பிள்ளை தன் வீட்டையும் எதிர்த்து நிற்க வேண்டும். அது தரம் 7, 8 பிள்ளைகளுக்குரிய கதை. அங்கே பதுளைக்காரனின் தாத்தாவுக்கும் வேலை இருக்கிறது.

உங்கள் ரொட்டிக்காரப் பையனை மட்டும் டீச்சர் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவன் வகுப்பின் முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனாலும் பக்கத்தில் நின்றான். எல்லாப் பிள்ளைக்கும் வனிதாவைப் போல எழுந்து போய் உட்காரத் தைரியம் வராது. கதையில் மூன்றாவதாக ஒரு பிள்ளை வேண்டும், ஒரு வரிக்கு மட்டும். இடைவேளையில் ஒன்றும் பேசாமல் வந்து இவர்களோடு சேர்ந்து சாப்பிடுகிற ஒருவன்.

தலவாக்கலை டீச்சர் | செப்டெம்பர் 10

எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு இடத்தில் நிற்கிறது. வனிதா வந்து உட்கார்ந்த பிறகு லோகினி என்ன சொல்ல வேண்டும்? "நன்றி" என்றால் ஒரு மாதிரி இருக்கிறது.

ஹட்டன் கதைக்காரி | செப்டெம்பர் 10

நன்றி சொல்ல மாட்டாள். அவளுடைய இடத்தில் நின்று பாருங்கள். நேற்றுச் சிரித்தவள் இன்றைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்கிறாள். அவளுக்குச் சந்தேகம் வராதா?

"'நேத்து நீயும்தானே சிரிச்ச?' என்றாள் லோகினி.

'ஆமா.'

லோகினி திரும்பவில்லை. கணக்குக் கொப்பியை விரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அழிறப்பரை எடுத்து இரண்டு கொப்பிக்கும் நடுவில் வைத்தாள்."

இதுவரை லோகினிக்கு எல்லாம் நடந்துகொண்டே இருந்தது. அவள் எதையும் செய்யவில்லை. இங்கேதான் முதல் தடவையாக அவள் ஒன்றைக் கேட்கிறாள், ஒன்றைத் தீர்மானிக்கிறாள். கேலி படுகிற பிள்ளை கதையில் ஒரு பொம்மை மாதிரி இருந்தால், வனிதாவின் நல்ல குணத்தைக் காட்ட மட்டும்தான் அவள் இருக்கிறாள் என்று ஆகிவிடும்.

ஆலோசனை ஆசிரியர் | செப்டெம்பர் 11

அழகாக வருகிறது. ஆனால் ஆசிரியரே இல்லாத கதை எனக்குப் பயமாக இருக்கிறது. மூக்கைப் பிடிக்கிற வரைக்கும் பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். அடி, சாமான் பறிப்பு, உடம்பைத் தொடுவது என்று போனால் பெரியவர்களிடம் சொல்லத்தான் வேண்டும். கதை அதற்கு எதிராக நிற்கக் கூடாது. சிறுவர் உதவி இலக்கம் 1929ஐயும் போடுங்கள்.

ஹட்டன் கதைக்காரி | செப்டெம்பர் 11, இரவு

ஒப்புக்கொள்கிறேன். டீச்சர் கதையில் இருக்கலாம், தீர்ப்புச் சொல்லாமல். இப்படி ஒரு வரி போதும்: வனிதா இடம் மாறி உட்கார்ந்திருப்பதை மிஸ் பார்த்தார், ஏன் என்று வகுப்பின் முன்னால் கேட்கவில்லை, இடைவேளையில் லோகினியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். டீச்சரிடம் சொன்னால் இன்னும் கூடும் என்று அந்தப் பையன் சொன்னானே, அவன் கண்டது வகுப்பின் முன்னால் நிறுத்திக் கண்டிக்கிற டீச்சரை. தனியாகக் கேட்கிற டீச்சரையும் பிள்ளைகள் ஒரு தடவை பார்க்கட்டும்.

1929 கதைக்குள் வேண்டாம். அச்சடித்துக் கொடுப்பதானால் பின் பக்கத்தில், பெரிய எழுத்தில் போடுங்கள். வாசித்து முடித்த பிறகு வாயாலும் சொல்லுங்கள்.

நோர்வூட் அம்மா | செப்டெம்பர் 14

மகளிடம் கேட்டேன். மூக்கைப் பிடிப்பதுதான், அதேதான். இந்தக் கதையை அவள் வகுப்பில் வாசித்தால் எல்லாரும் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். தயவுசெய்து புகையை மாற்றுங்கள்.

பதுளைக்காரன் | செப்டெம்பர் 14

மாற்றக் கூடாது. புகை நம் வாழ்க்கை. அதை மறைத்தால் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று நாமே ஒப்புக்கொண்டது போல ஆகும்.

ஹட்டன் கதைக்காரி | செப்டெம்பர் 15

இதில் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை. பதுளைக்காரன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தின் பாரத்தை ஒரு தரம் 4 பிள்ளை தனியாகச் சுமக்கக் கூடாது.

எனக்குத் தெரிந்த வழி, வாசிக்கிற ஆசிரியர் முதலில் வகுப்பைப் பார்ப்பது. முக்கால்வாசிப் பேர் வீட்டில் விறகடுப்பு என்றால் புகை இருக்கட்டும். அங்கே அது எல்லாருடைய கதை, வனிதா சொல்கிற அந்த வரியும் உண்மையாக விழும். வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் அப்படி என்றால் அன்றைக்கு இந்தக் கதை வேண்டாம். இல்லாவிட்டால் காரணத்தை மாற்றி வாசியுங்கள், தைத்த சப்பாத்து, அக்கா போட்ட பெரிய சட்டை, அந்த வகுப்பில் யாருக்கும் நேராகப் பொருந்தாத ஒன்று. வனிதாவிடமும் அதே ஒன்று இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறக் கூடாது. நோர்வூட் அம்மா, உங்கள் மகளின் டீச்சரைப் பார்க்கும்போது இதையும் சொல்லுங்கள்.

தலவாக்கலை டீச்சர் | ஒக்டோபர் 9

நேற்று வாசித்தேன். ஏழெட்டு நிமிடம் எடுத்தது. என் வகுப்பில் எல்லார் வீட்டிலும் விறகடுப்புத்தான், அதனால் புகையை மாற்றவில்லை. வனிதா சட்டைக் கையை மோந்து பார்க்கும் இடத்தில் மூன்று நாலு பேர் தங்கள் சட்டையை மோந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, அதைப் பார்த்து எனக்கே தொண்டை அடைத்தது.

முடிந்ததும் கேள்வி. வனிதாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "சஞ்சீவன் வீட்டுல சட்ட எப்படிக் காயுது டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். அவன் வீட்டில் கேஸ் இருக்கும் என்று பாதிப் பேர். இல்லை, அவனுக்கும் அதே வாடைதான், அதனால்தான் முந்திக்கொண்டு மூக்கைப் பிடித்தான் என்று மற்றவர்கள். மணி அடித்தும் சண்டை ஓயவில்லை. நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா?

ஹட்டன் கதைக்காரி | ஒக்டோபர் 9, இரவு

சொல்லாதது நல்லது. அடுத்த வாரம் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். சஞ்சீவன் அன்றைக்குச் சாயந்தரம் வீட்டுக்குப் போனதில் இருந்து தொடங்கட்டும், அரைப் பக்கம் போதும். எழுதினதை வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம், வாங்கி நீங்களே தனியாக வாசியுங்கள். சிலர் சஞ்சீவனின் வீட்டை எழுதாமல் தங்கள் வீட்டை எழுதுவார்கள். அப்படி ஒன்று வந்தால் அந்தப் பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டி வரலாம்.

பண்டாரவளைத் தம்பி | ஒக்டோபர் 10

ரொட்டிப் பையனைப் போட்டீர்களா டீச்சர்?

தலவாக்கலை டீச்சர் | ஒக்டோபர் 10

போட்டேன் தம்பி. ஒரு வரிதான். பின்வரிசைப் பிள்ளை ஒருவன் கதையில் யாராக இருக்க ஆசை என்று கேட்டதற்கு அவனைத்தான் சொன்னான்.

ஹட்டன் கதைக்காரி | ஒக்டோபர் 12

அச்சடிக்கக் கொடுக்கும் முன் இன்னொரு வேலை. வேறு பாடசாலைகளுக்கும் அனுப்புவதாக டீச்சர் எழுதியிருந்தார். லோகினி, வனிதா, சஞ்சீவன் மூன்றும் நம் பக்கத்தில் சாதாரணப் பெயர்கள். ஒவ்வொரு வகுப்பிலும் வரவுப் பதிவேட்டைப் பார்த்து, அந்தப் பெயரில் பிள்ளை இருந்தால் வாசிக்கிறவர் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று முதல் பக்கத்தின் மேலே எழுதிவிடுங்கள். சஞ்சீவன் என்ற பெயரை முக்கியமாகப் பாருங்கள்.